இறந்த எட்டாம் நாள் இட்ட கையெழுத்து

கடிதம் வந்தது ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. தைப்பிங்கில் காலையிலேயே மழை பிடித்துக்கொண்டிருந்தது. எங்கள் வக்கீல் ஆபீஸின் பாஸ் மிஸ்டர் லியூ அதைப் படித்துவிட்டு என் மேசைக்கே எழுந்து வந்தார். இருபத்திரண்டு வருடமாக அவரிடம் வேலை பார்க்கிறேன். ஏதாவது வேண்டுமென்றால் இருந்த இடத்திலிருந்தே "லீலா" என்று கத்துவாரே தவிர, எழுந்து வந்தது கிடையாது.

"மிஸ்டர் காவ் வீட்டு ஒப்பந்தம் எந்தத் தேதி?" என்றார்.

"மார்ச் மூணு, பாஸ். திங்கட்கிழமை. மத்தியானம் மூணு மணிக்கு உங்க ரூம்லதான் கையெழுத்துப் போட்டாங்க."

"இதைப் படி."

பினாங்கிலிருந்து ஒரு வக்கீல் எழுதியிருந்தார், பெயர் ஜுல்ஹைரி. அவருடைய கட்சிக்காரர் காவ் சியூ லான், காலமான காவ் பூன் லெங்கின் ஒரே மகள். வீட்டை விற்றதாகச் சொல்லப்படும் ஒப்பந்தத்தின் தேதி மார்ச் பதினேழு. காவ் பூன் லெங் இறந்தது மார்ச் ஒன்பது. இறந்து எட்டு நாளான ஒருவர் எப்படிக் கையெழுத்துப் போட்டார் என்று ஒரு வாரத்துக்குள் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் போலீஸில் புகார் கொடுப்போம். ஒப்பந்தத்தின் நகலும் கூடவே இருந்தது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. தப்பாகப் படித்துவிட்டு மிரட்டுகிறார்கள் என்று நினைத்தேன். நகலைப் புரட்டினேன். முதல் பக்கத்து அட்டவணையில், ஒப்பந்தத் தேதி என்ற வரிக்கு எதிரே, அழகாக, என்னுடைய எழுத்துருவில், 17 மார்ச் என்று இருந்தது.

அலமாரியிலிருந்து எங்கள் மூலத்தை எடுத்தேன். அதிலும் பதினேழு. வாங்குகிறவருடைய பிரதியிலும் பதினேழு. முத்திரை வரிச் சான்றிதழிலும் பதினேழு, அதை ஒப்பந்தத்தைப் பார்த்து நிரப்பியவளும் நானேதான்.

"இல்ல பாஸ். நான் சத்தியமா மூணாம் தேதிதான் அடிச்சேன்."

"அப்ப பேப்பர் பொய் சொல்லுதா?"

கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தேன். திறந்ததும் தேதி வரியில் 22 ஏப்ரல் என்று வந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். சுட்டியை அந்தத் தேதியின் மேல் வைத்துச் சொடுக்கினேன். எழுத்துக்குப் பின்னால் சாம்பல் நிறம் படர்ந்தது. நான் தட்டிய எழுத்தாக இருந்தால் அப்படிப் படராது. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்தத் தேதி நான் அடித்ததே இல்லை, யாரும் அடித்ததில்லை. கடிதங்களுக்காகப் பல வருடம் முன்பு ஒரு மாதிரிக் கோப்பு செய்து வைத்திருந்தேன். அதில் தேதியைத் 'தானாகப் புதுப்பிக்கவும்' என்று போட்டிருந்தேன். கடிதத்துக்கு அது சரி, என்றைக்கு அச்சடிக்கிறோமோ அன்றைய தேதிதான் வேண்டும். போன வருடம் ஒப்பந்தத்துக்குப் புது மாதிரி செய்தபோது அந்த வரியை அங்கிருந்து அப்படியே எடுத்து ஒட்டிவிட்டேன். மற்ற ஆபீஸ்களில் ஒப்பந்தத் தேதியைக் காலியாக விட்டு, பிறகு பேனாவால் எழுதுவார்கள். எனக்கு அது பிடிக்காது. அச்சில் பளிச்சென்று இருக்க வேண்டும். அந்தப் பெருமை பிடித்த எனக்கு இது நன்றாக வேண்டும்.

கோப்பைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அது கணினியின் கடிகாரத்தைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு மணி இல்லை, ஒரு எச்சரிக்கை இல்லை. அடித்த அன்றே கையெழுத்து வாங்கிவிட்டால் வித்தியாசமே தெரியாது. மறுபடி அச்சடித்தால்தான் வம்பு.

நான் மறுபடி அச்சடித்திருக்கிறேன்.

மார்ச் மூன்றாம் தேதி மிஸ்டர் காவ் பேனாவைக் கையில் வாங்கியதும் கையெழுத்துப் போடவில்லை. எழுபத்தெட்டு வயது, பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். அவருடைய அடையாள அட்டை எண்ணில் ஏழு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இருந்தது. கண்டுபிடித்தது அவர்தான். நான்கு பிரதியிலும் அந்த ஒன்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் ஏழு எழுதி, சின்னக் கையெழுத்தும் போட்டார். எங்கள் ஆபீசில் முழுக் கையெழுத்துக் கடைசிப் பக்கத்தில் மட்டும்தான். திருத்தம் இருந்தால் அந்த இடத்தில் சின்னக் கையெழுத்து.

சட்டப்படி அதுவே போதும். பதினேழாம் தேதி முத்திரை வரிக்குப் போகும்போது அந்த அடித்தல் திருத்தல் என் கண்ணை உறுத்தியது. எண்ணைச் சரிசெய்து முதல் பக்கத்தை மட்டும் புதிதாக நான்கு அடித்து, பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகிக் கட்டினேன். எண்ணைத்தான் நாலு தடவை சரிபார்த்தேன். தேதியைப் பார்க்கவே தோன்றவில்லை.

பாஸ் என் எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"சல்மியாவுக்கு வீடு போயிடும், தெரியுமில்ல?"

தெரியும். சல்மியாதான் வீட்டை வாங்குகிறவர், அதே வீட்டில் பத்தொன்பது வருடமாக வாடகைக்கு இருக்கிறவர். வாசலில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்றே முன்பணம் சேர்த்தவர். காவ் உயிரோடு இருந்தபோது ஒப்பந்தம் ஆகியிருந்தால் அவர் இறந்தாலும் அது மகளைக் கட்டுப்படுத்தும், அப்பா விற்றதை அவள் முடித்துக் கொடுத்தாக வேண்டும். இறந்த பிறகு என்றால் ஒப்பந்தமே இல்லை. மகளுக்கு வீட்டை இடித்து மாடிக்கட்டடம் கட்டுகிறவர்களிடம் கொடுக்கத்தான் விருப்பம் என்று ஊரில் பேச்சு.

"நீங்கதானே பாஸ் சாட்சிக் கையெழுத்துப் போட்டீங்க. நீங்க சொன்னா போதாதா?"

"நான் போட்டதிலயும் தேதி இல்ல. டைரியில மூணு மணிக்கு அப்பாயின்ட்மென்ட் இருக்கு. வந்தாரு, கையெழுத்துப் போட்டாருன்னு டைரி சொல்லுமா? பொய்க் கையெழுத்துன்னு சொல்றவன் மொதல்ல என்னைத்தான் சொல்லுவான்."

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சல்மியா பிரதி இன்னும் நம்மகிட்டதான் இருக்கு. இந்தக் கம்ப்யூட்டர் கடிகாரத்த மார்ச் மூணுக்குத் திருப்பு. முதல் பக்கத்தை அடி. அவங்ககிட்ட இருக்கிறதுல அச்சுப்பிழை, அதப் பாத்துத்தான் முத்திரை வரிக்கும் நிரப்பினோம்னு சொல்லிடலாம். நம்ம மூலத்த வெளிய எடுக்க வேண்டாம்."

"பாஸ்…"

"பொய்த் தேதியா போடச் சொல்றேன்? நெசத் தேதியத்தானே போடச் சொல்றேன்."

அதுதான் கொடுமை. அவர் சொன்னதில் பொய்யே இல்லை. கடிகாரத்தை மாற்றினேன். கோப்பை மூடித் திறந்தேன். 3 மார்ச் என்று சாதுவாக வந்து நின்றது. அச்சடித்தேன். தட்டில் விழுந்த தாள் சூடாக இருந்தது. பாஸ் அதை வாங்கி சல்மியாவின் பிரதியில் செருகினார். நான் கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போகிற வழியில் சல்மியாவின் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். "காக் லீலா," என்று எப்போதும்போல அக்கா முறை வைத்துக் கூப்பிட்டார், "இன்னிக்கு சம்பல் நல்லா வந்திருக்கு, வாங்கிட்டுப் போங்க." சாவி எப்போது கைக்கு வரும் என்று கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வாங்கிப்போன பொட்டலத்தை நான் பிரிக்கவே இல்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்கள். சியூ லானுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். துக்கத்துக்காகச் சட்டைக் கையில் சின்னக் கறுப்புத் துணி குத்தியிருந்தார். ஜுல்ஹைரி இளைஞர், பேச்சில் மரியாதை, கண்ணில் ஊசி. பாஸின் அறையில் நான்கு பேரும் உட்கார்ந்தோம். மேசை மேல் இரண்டு பிரதிகள். மேலே சல்மியாவுடையது.

"எனக்கு ஒண்ணுதான் தெரியணும்," என்றார் சியூ லான். "எங்கப்பா என்கிட்ட கேக்காம ஒரு மின்விசிறிகூட மாத்த மாட்டார். வீட்டை வித்தாராம், எனக்குச் சொல்லலையாம். செத்த பிறகு கையெழுத்தும் போட்டாராம். யார் அவர் கையைப் பிடிச்சுப் போட்டது?"

பாஸ் தொண்டையைச் செருமினார். "மிஸ் காவ், உங்க பிரதியில ஒரு சின்ன அச்சுப்பிழை. வாங்கறவங்க பிரதியப் பாருங்க…" என்று மேலிருந்ததை அவர் பக்கம் நகர்த்தினார்.

நான் அதன் மேல் கையை வைத்தேன். யோசித்துச் செய்ததாகச் சொன்னால் பொய்யாகும். கை தானாகப் போனது, வாய் பின்னாலேயே போனது.

"அந்தப் பக்கம் முந்தாநாள் நான் அடிச்சது," என்றேன். "பதினேழுன்னு இருக்கிறதும் நான் அடிச்சதுதான். ரெண்டுமே உங்கப்பா கையெழுத்துப் போட்ட அன்னிக்கு அடிச்சது இல்ல."

பாஸ் முகம் வெளுத்தது. ஜுல்ஹைரி பேனாவை மூடிக் கீழே வைத்தார். "விளக்கமாச் சொல்லுங்க, புவான்," என்றார், அம்மா என்கிற மரியாதை குறையாமல்.

சொன்னேன். அடையாள எண்ணை, திருத்தத்தை, மறுபடி அச்சடித்ததை, கடிகாரத்தைத் திருப்பியதை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். எழுந்து போய் பாஸ் மேசைக் கணினியின் திரையை அவர்கள் பக்கம் திருப்பிக் கோப்பைத் திறந்தேன். 24 ஏப்ரல் என்று வந்தது.

"நான் இப்பத்தான் உள்ள வந்தேன்," என்றார் ஜுல்ஹைரி. "அதுக்குள்ள இன்னிக்குத் தேதியில வித்தாச்சு போல."

சியூ லான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப இது எந்தத் தேதிய வேணும்னாலும் எழுதும். பதினேழு பொய்யின்னா மூணும் பொய்யா இருக்கலாம். அவர் வந்தார்ங்கறதுக்கு என்ன இருக்கு?"

நான் உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த கூலி அது. பதினேழை அழித்தேன், கூடவே மூன்றையும் அழித்துவிட்டேன். சல்மியாவின் பத்தொன்பது வருடம் என் நாக்கில் போய்விட்டது என்று நினைத்தேன்.

"அவரே திருத்தி சின்னக் கையெழுத்துப் போட்ட பக்கம் இருந்துச்சு," என்றேன்.

"எங்க?"

"உருவிட்டேன். கிழிக்கிற மெஷின்ல போட்டிருக்கணும். நான் பின்பக்கம் வெள்ளையா இருந்தா வீணாக்க மாட்டேன். நாலா வெட்டி, கிளிப் போட்டு, டெலிபோன் குறிப்பு எழுத வெச்சுக்குவேன். ஒரு மாசம் ஆச்சு. எல்லாம் எழுதித் தூக்கிப் போட்டாச்சு."

"உங்க குறிப்பு எப்படின்னு எனக்குத் தெரியும்," என்றார் சியூ லான். அவர் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "அப்பா டெலிபோன் புத்தகத்துல உங்க ஆபீஸ் நம்பர் இருந்துச்சு, அவர் போயிட்டார்னு நானே போன் பண்ணிச் சொன்னேன். நீங்கதான் எடுத்தீங்க. குறிச்சுக்கிறேன்னு சொன்னீங்க. ஒரு அனுதாபக் கடிதம்கூட வரலை. குறிச்சீங்களா என்னன்னு யாருக்குத் தெரியும்."

அது என்னைச் சுட்டது. என்னைத் திருடி என்று சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வேன், வேலையில் மறதிக்காரி என்று சொன்னால் பொறுக்காது. "குறிச்சு ஃபைல்லதான் குத்தியிருக்கேன்," என்று அலமாரிக்குப் போனேன். மிஸ்டர் காவின் கோப்பில், உள் அட்டையில், பின் குத்தியபடி இருந்தது அந்தச் சின்னத் தாள். என் கையெழுத்து: 'மார்ச் 18, காலை 11.20. மிஸ் காவ் அழைத்தார். தந்தை 9ஆம் தேதி காலமானார். பாஸிடம் சொல்ல வேண்டும்.'

பின்னைப் பிடுங்கி அவரிடம் நீட்டினேன். நீட்டுகிறபோதே எனக்குக் கணக்குப் புரிந்தது. பழைய பக்கங்களை வெட்டியது பதினேழாம் தேதி சாயங்காலம். அவர் கூப்பிட்டது மறுநாள் காலை. கிளிப்பில் மேலே இருந்தது எது?

"திருப்புங்க," என்றேன். "தயவுசெஞ்சு திருப்பிப் பாருங்க."

திருப்பினார்.

அது அட்டவணைப் பக்கத்தின் வலது மேல் கால்பகுதி. மேலே அச்சில் 3 மார்ச். அதற்குக் கீழே காவ் பூன் லெங் என்ற பெயர். அதற்கும் கீழே அடையாள எண், அதில் ஒரு ஒன்று அடிக்கப்பட்டு, பக்கத்தில் நீல மையில் ஏழு, இடுப்பில் குறுக்குக் கோட்டோடு. அதை ஒட்டி ஒரு சின்னக் கையெழுத்து, கொஞ்சம் நடுக்கத்தோடு.

சியூ லான் தாளை மேசையில் வைத்தார். விரலால் அந்த ஏழைத் தொட்டார். மை அழிந்துவிடுமோ என்பதுபோல உடனே விரலை எடுத்துக்கொண்டார்.

ஜுல்ஹைரி குனிந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். "மேல இருக்கிற தேதிய நான் நம்பலை," என்றார் கடைசியில். "அத எந்தக் கடிகாரத்தாலயும் அடிக்கலாம். ஆனா ஒன்பதாம் தேதி இறந்தவர் இந்தத் தாள்ல பேனாவ வெச்சிருக்கார்னா, இந்தத் தாள் அதுக்கு முன்னாடியே அச்சாகி அவர் முன்னாடி இருந்திருக்கு. இது அவர் கைதானா, மிஸ் காவ்?"

"வீட்டு நாள்காட்டியில ஒவ்வொரு ஏழும் இப்படித்தான் இருக்கும்," என்றார் அவர். "அச்சுல கோடு இல்லையின்னு அவரே போட்டு வைப்பார். ஒண்ணும் ஏழும் குழம்பிடக் கூடாதாம். பள்ளிக்கூட ஆபீஸ்ல இருந்த பழக்கம்."

பிறகு அழுதார். பாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

ஜுல்ஹைரி வக்கீலாகவே பேசினார். அந்தத் துண்டு எங்கள் கோப்பிலேயே முத்திரையிட்டு இருக்க வேண்டும். நடந்ததை நானும் பாஸும் சத்தியப் பிரமாணமாக எழுதிக் கொடுக்க வேண்டும், கடிகாரத்தைத் திருப்பியது உட்பட. முந்தாநாள் அடித்த பக்கம் அவர் கையில் போகும். முத்திரை அலுவலகத்தில் தேதியைத் திருத்த மனுப் போட வேண்டும். அது எங்கள் தலைவலி. போலீஸ் புகார் பற்றிக் கட்சிக்காரரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். பாஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அன்றைக்குப் பிறகு ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை, வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பினார். புதுத் தாளில்.

படி இறங்கப் போன சியூ லான் பாதியில் நின்று திரும்பினார்.

"அன்னிக்கு அவர் எப்படி இருந்தார்? தனியாவா வந்தார்?"

"தனியாத்தான். குடையோட. வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது."

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

சொன்னார். நான் ஒரு மாதமாக மறந்திருந்தேன், யாரும் கேட்கவில்லை. "மகளுக்குத் தெரியுமான்னு பாஸ் கேட்டார். 'சொன்னா தடுப்பா, சிங் மிங் கழிஞ்சு சொல்லிக்கிறேன்'னு சொன்னார். அந்த வீட்ட இடிக்கிறவங்களுக்குக் கொடுக்க அவருக்கு மனசில்ல. 'அவ அம்மா நட்ட ரம்புத்தான் மரத்தை சல்மியா வெட்ட மாட்டா'ன்னார்."

சிங் மிங் ஏப்ரல் நான்காம் தேதி. கல்லறை துடைக்கிற அந்த நாளில் அவரே கல்லறையில் இருந்தார்.

சியூ லான் கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு படி மேலே ஏறி வந்தார். "அந்த வாடகைக்காரம்மாகிட்ட சொல்லுங்க," என்றார். "பெயர் மாத்தறதுக்கு நான் கையெழுத்துப் போடறேன். தேதிய மட்டும் நானே எழுதிக்கிறேன், பேனாவால."